98 பெரிதாகவும் 210 சிறிதாகவும் தெரிந்த விலைப்பட்டியல்

மாமாவின் பிளம்பிங் சாமான் கடைக்கு விலைப்பட்டியல் போட்டுக்கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டது ஒரு சனிக்கிழமை. அது கவுன்டரில் ஒழுங்காக உட்கார்ந்தது மூன்றாவது வாரம். நடுவில் அறுபது பிரதி வீணானது. காரணம் முழுக்க எண்களின் வடிவம்தான். ஒரு விலைகூடத் தப்பாக அடிக்கப்படவில்லை. இதே வேலையை வேறு யாராவது எடுத்தால் அந்த அறுபது பிரதி மிச்சமாகட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

பட்டியலில் 186 வரிகள். எல்போ, டீ, காப்ளர், ரெடியூசர், எண்ட் கேப், பால் வால்வு என்று வகைவாரியாக, ஒவ்வொன்றும் அரை இஞ்ச் முதல் இரண்டு இஞ்ச் வரை. மூன்றே பத்திகள்: பெயர், சைஸ், விலை. மாமா எக்செல்லில் ஏற்கெனவே எல்லாம் வைத்திருந்தார். கடையின் லெட்டர்ஹெட்டிலும் விசிட்டிங் கார்டிலும் இருப்பது கார்பெல் எழுத்துரு. பட்டியலும் அதிலேயே இருக்கட்டும் என்றார். சரி என்று முழுத் தாளையும் கார்பெல்லுக்கு மாற்றி, விலைப் பத்தியை வலது பக்கம் ஒதுக்கி, பிடிஎஃப் எடுத்து, அறுபது பிரதி அச்சடித்தேன். மூன்று பக்கம், இரண்டு தாள். கவுன்டருக்கு நான்கு செட் லேமினேஷன்.

இரண்டாம் நாளே கவுன்டரில் நிற்கும் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இந்த லிஸ்ட்ல 98 பளிச்சுனு தெரியுது, 210 கண்ணுலயே படமாட்டேங்குது. சின்ன சாமானா பெரிய சாமானான்னு ஒவ்வொரு தடவையும் வாசிச்சுப் பார்க்க வேண்டியிருக்கு" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. 210 என்பது குட்டியாக, மூன்று எழுத்தும் ஒரே தாழ்ந்த உயரத்தில் இருந்தது. பக்கத்திலேயே 98: 9 கீழே வால் நீட்டிக்கொண்டும், 8 மேலே தலை நீட்டிக்கொண்டும் இருந்தது. கண் தொகையை எண்ணுவதற்கு முன்னால் உருவத்தைத்தான் பார்க்கிறது. உருவத்தில் 98 பெரியதாக இருந்தது.

இதற்குப் பெயர் ஓல்டு ஸ்டைல் எண்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் போலவே இவையும் ஏறி இறங்கும். 0, 1, 2 மூன்றும் குள்ளம். 6, 8 மேலே ஏறும். 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே இறங்கும். பத்தி பத்தியாக ஓடும் உரையில் ஓர் ஆண்டோ வீட்டு எண்ணோ வரும்போது அது துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்க இந்த வடிவம் நன்றாக உதவும். விலைப் பத்தியில் 0, 1, 2 அதிகம் வருகிற விலைகள் எல்லாம் சுருங்கித் தெரியும். 100, 120, 210, 1,200 எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். விண்டோஸில் கூடவே வரும் எழுத்துருக்களில் கார்பெல், கண்டாரா, கான்ஸ்டான்ஷியா மூன்றுக்கும் இயல்பான வடிவம் இதுதான். ஜார்ஜியாவும் அப்படியே. காலிப்ரி, கேம்ப்ரியா, ஏரியல் ஆகியவற்றில் எல்லா எண்ணும் ஒரே உயரம். அதை லைனிங் என்பார்கள்.

லேமினேட் செய்த தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது இரண்டாவது குறையும் தெரிந்தது. வலது ஓரம் நேராக இருந்தும் நூறுகள் நூறுகளுக்குக் கீழே வரவில்லை. 111 அகலம் குறைவு, 888 அகலம் அதிகம். கார்பெல்லில் ஒவ்வொரு எண்ணும் தன் உடம்புக்குத் தக்க இடத்தை எடுத்துக்கொள்கிறது. பட்டியலுக்கு வேண்டியது டேபுலர் எண்கள்: 1 ஆனாலும் 8 ஆனாலும் ஒரே அகலக் கட்டம். இது உயரப் பிரச்சினையோடு சேர்ந்தது அல்ல, தனி. லைனிங்காக இருந்தும் அகலம் மாறும் எண்கள் உண்டு. ஓல்டு ஸ்டைலாக இருந்தும் ஒரே அகலம் கொண்டவை உண்டு. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான் அடுத்த தப்பு நடந்தது.

எக்செல்லில் இதை மாற்ற வழி தேடி ஒரு மாலை முழுக்கப் போனது. கிடையாது. எழுத்துருவுக்குள் லைனிங் எண்களும் டேபுலர் எண்களும் இருந்தாலும், அவற்றைக் கூப்பிடும் வசதி எக்செல்லில் இல்லை. எழுத்துருவின் இயல்பு எதுவோ அதுதான் அச்சாகும்.

அப்புறம் குறுக்குவழி ஒன்று எடுத்தேன். வீட்டுக் கணினியில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. பட்டியலை ரைட்டரில் ஒட்டி, எண் பத்தியை மட்டும் ஏரியல் 10 பாயிண்டுக்கு மாற்றினேன். ஏரியலில் எல்லா எண்ணும் ஒரே உயரம், அகலமும் எழுத்தளவில் 0.556 பங்கு. 10 பாயிண்டில் ஓர் எண்ணுக்கு 5.56 பாயிண்ட். இதில் கோணல் வர வழியே இல்லை என்று நினைத்தேன். அச்சடித்துப் பார்த்தால் 110, 115, 111 என்று வருகிற வரிகளில் மட்டும் முதல் 1 ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளி நின்றது. 120க்குக் கீழே 110 வந்தால் இரண்டு 1-உம் நேர்க்கோட்டில் இல்லை. முதலில் பிரிண்டரைச் சந்தேகப்பட்டேன். வேறு பிரிண்டரிலும் அதே.

காரணம் கெர்னிங். இரண்டு எழுத்து பக்கத்தில் வரும்போது நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைக்கும் ஏற்பாடு அது. ஏரியலில் 1-உம் 1-உம் சேர்ந்தால் 0.074 பங்கு நெருக்கச் சொல்லி எழுத்துருவுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. 10 பாயிண்டில் அது 0.74 பாயிண்ட், அதாவது கால் மில்லிமீட்டர். 111 என்றால் இரண்டு ஜோடி, அரை மில்லிமீட்டர். சொல்லக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். கீழே கீழே நாற்பது வரி அடுக்கும்போது அந்த அரை மில்லிமீட்டர் பல் விழுந்த வரிசை போலத் தெரிகிறது. ரைட்டரில் கெர்னிங் தானாகவே போட்டுத்தான் இருக்கும். எண் பத்தியைத் தேர்ந்தெடுத்து, `Format` → `Character` → `Position` போய் `Pair kerning` என்பதில் உள்ள டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது.

இந்தத் தொல்லைக்குப் பிறகு ஒரு சோதனைத் துண்டு செய்துகொண்டேன். எந்த எழுத்துருவை எடுத்தாலும் பட்டியலுக்கு முன்னால் இதை அடித்து அச்செடுத்துப் பார்க்கிறேன்:

```
1111111111|
0000000000|
7777777777|
8888888888|
0123456789|
```

இதை இடது பக்கம் ஒதுக்கி அடிக்க வேண்டும். ஐந்து வரியின் முடிவிலும் இருக்கும் செங்குத்துக் கோடு ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றால் அகலம் சரி. முதல் வரி மட்டும் குறைந்து நின்றால், ஒன்று எண்கள் டேபுலர் இல்லை, அல்லது கெர்னிங் வேலை செய்கிறது. எது என்று பிரித்தறிய கெர்னிங்கை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் போதும். கடைசி வரி உயரத்துக்கு: 0, 1, 2 குட்டையாகத் தெரிந்தால் ஓல்டு ஸ்டைல். மானிட்டரில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. திரையின் புள்ளிக் கணக்கில் கால் மில்லிமீட்டர் தொலைந்துபோகும். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், அல்லது அச்சில் பார்க்க வேண்டும்.

ஏரியல் பட்டியல் சரியாக வந்தாலும் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "பேர் ஒரு மாதிரி இருக்கு, விலை ஒரு மாதிரி இருக்கு. ரெண்டு கடை லிஸ்ட்ட ஒட்டுன மாதிரி இருக்கே மாப்ள" என்றார். அதுவும் நியாயம்தான். தலைப்பு, தொலைபேசி எண், கீழே உள்ள நிபந்தனைகள் எல்லாம் கார்பெல்லில் இருந்தன. கார்பெல்லுக்குள்ளேயே லைனிங் எண்களும் டேபுலர் எண்களும் இருக்கின்றன என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். எனவே கடைக் கணினிக்கே போய் வேர்டில் செய்வது என்று முடிவு.

வேர்டில் 2010 பதிப்பிலிருந்தே இதற்கு இடம் இருக்கிறது. விலைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தி, `Advanced` தாவலில் `Number spacing` என்பதை `Tabular` ஆகவும், `Number forms` என்பதை `Lining` ஆகவும் மாற்ற வேண்டும். நான் போனபோது இரண்டுமே மங்கலாக, தொட முடியாமல் கிடந்தன. வேர்டு பழசோ என்று பார்த்தால் இல்லை. கோப்புதான் பழசு. மாமாவின் லெட்டர்ஹெட்டைத் திறந்து அதிலேயே பட்டியலை ஒட்டியிருந்தேன். அது `.doc` கோப்பு. பழைய வடிவத்துக்கு ஒத்துப்போகும் நிலையில் திறந்ததால் இந்த வசதிகள் அடைபட்டிருந்தன. `File` → `Info` → `Convert` கொடுத்து `.docx` ஆக்கியதும் இரண்டும் உயிர்பெற்றன. மாற்றிய நொடியில் பத்தி முழுக்க நிமிர்ந்து நின்றது. 210 இப்போது 98ஐவிடப் பெரியதாகத் தெரிந்தது.

ஒரு தப்பு இங்கேயும் செய்தேன். பத்தியைத் தேர்ந்தெடுத்துக் கையால் மாற்றினேனே தவிர ஸ்டைல் உருவாக்கவில்லை. அடுத்த நாள் மாமா எக்செல்லிலிருந்து பதினோரு புதிய வரிகளை ஒட்டினார். அந்தப் பதினொன்றும் பழையபடி ஏறி இறங்கும் எண்களோடு வந்து உட்கார்ந்தன. பிறகு `Vilai` என்று ஒரு ஸ்டைல் செய்து, எழுத்துரு, அளவு, வலது ஒதுக்கல், இரண்டு எண் அமைப்புகள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். புதிய வரி வந்தால் ஸ்டைலைச் சொடுக்கினால் போதும்.

பைசா கணக்கு தனியாக ஒரு தலைவலி. பெரும்பாலான விலைகள் முழு ரூபாய். சின்ன எல்போ, எண்ட் கேப் போன்ற சிலவற்றில் மட்டும் 50 பைசா. வலது ஒதுக்கலில் 12.50க்குக் கீழே 125 வந்தால் எண் அகலம் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை. பத்துகள் பைசாவுக்குக் கீழே போய் நிற்கும். எல்லாவற்றுக்கும் .00 போட்டுப் பார்த்தேன். 186 வரியில் நூற்று ஐம்பதுக்கு மேல் வெறும் சுழியங்கள், பத்தி அடைசலாகிவிட்டது. புள்ளிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக நிறுத்தும் டெசிமல் டேப் வைத்தும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் கடைசியில் எனக்குப் பிடித்தது கடையின் பில் புத்தகத்தில் இருந்த வழி: ரூ. என்று ஒரு கட்டம், பை. என்று அதன் பக்கத்தில் குறுகலான ஒரு கட்டம், நடுவில் மெல்லிய கோடு. பைசா இல்லாத வரியில் அந்தக் கட்டம் காலி. பிளம்பர்கள் அந்த அமைப்பைத் தினமும் பார்க்கிறவர்கள், ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. ரூபாய்க் குறியீட்டை ஒவ்வொரு வரியிலும் போடாமல் தலைப்புக் கட்டத்தில் மட்டும் வைத்துவிட்டேன். வரிக்கு வரி அது நிற்கும் இடம் மாறுவது கண்ணைக் குழப்பியது.

சைஸ் பத்தியில் வேறு விதமான ஆபத்து. எக்செல்லில் 1/2 என்று அடித்தால் அது அரை இஞ்ச் ஆகாமல் பிப்ரவரி 1 ஆகிவிடும். 3/4 ஏப்ரல் 3. அடிப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியை `Text` ஆக்கிவிட வேண்டும். ஒண்ணேகால் இஞ்ச் என்பதை ஒரு வரியில் இடைவெளி விடாமல் 11/4 என்று அடித்திருந்தார்கள். டேபுலர் ஆக்கியதும் அது இன்னும் மோசமாக, பதினொன்றின் கீழ் நான்கு போலவே தெரிந்தது. எல்லாவற்றையும் ½, ¾, 1¼, 1½ என்று ஒற்றைக் குறியாக மாற்றினேன். இந்தப் பத்தியில் டேபுலர் போடவில்லை, லைனிங் மட்டும். இங்கே யாரும் மேலிருந்து கீழே கூட்டிப் பார்ப்பதில்லை.

விலை மாறிய சாமான்களைப் போல்டு எழுத்தில் காட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதற்கு முன்னால் சோதனைத் துண்டைப் போல்டிலும் அடித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. சாதாரண எழுத்தில் எல்லா எண்ணும் ஓர் அகலம், போல்டில் எல்லா எண்ணும் ஓர் அகலம் என்றால் இரண்டு அகலமும் ஒன்று என்று அர்த்தமில்லை. ஏரியலில் இரண்டும் 0.556 தான். வெர்டானாவில் சாதாரணம் 0.636, போல்டு 0.711. 10 பாயிண்டில் நான்கு இலக்க விலை ஒன்று போல்டானால் மூன்று பாயிண்ட், அதாவது ஒரு மில்லிமீட்டர் இடது பக்கம் நீண்டுவிடும். நடுப்பத்தியில் ஒரே ஒரு வரியை அப்படிச் செய்தால் ஆயிரத்தின் இலக்கம் வரிசையை விட்டு வெளியே போகும். எனவே போல்டைத் தொடவில்லை. மாறிய விலைகளுக்குக் கட்டத்தின் பின்னணியில் 10 சதவீதச் சாம்பல் நிறம் கொடுத்தேன். லேமினேஷனுக்குப் பிறகும் தெளிவாகத் தெரிகிறது.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் வரி உயரத்தில். பழைய பட்டியலில் 3, 4, 5, 7, 9 இவற்றின் வால்கள் கட்டத்தின் கீழ்க்கோட்டில் இடித்ததால் வரி உயரத்தை 18 பாயிண்டாக வைத்திருந்தேன். லைனிங் எண்களில் வால் இல்லை. 15 பாயிண்டுக்கு இறக்கியும் நெருக்கடி தெரியவில்லை. பெயர்ப் பத்தியில் தமிழ் எழுத்துகளின் கீழ்ச்சுழிகள்தான் இப்போது எல்லை; 14க்குப் போனால் மு, ளு, து எல்லாம் கோட்டைத் தொட்டன. ஏ4 தாளில் மேலும் கீழும் 12 மில்லிமீட்டர் விட்டு, தலைப்புக்கு 54 பாயிண்ட் ஒதுக்கினால் 720 பாயிண்ட் மிஞ்சுகிறது. 18 பாயிண்டில் 40 வரி, 15 பாயிண்டில் 48 வரி. பக்கத்துக்கு இரண்டு அடுக்கு என்றால் 80க்குப் பதில் 96. புதிய வரிகள் பதினொன்று வந்தும், நிறுத்தப்பட்ட பழைய சாமான்கள் பதினொன்றை மாமா எடுத்துவிட்டதால் மொத்தம் பழையபடி 186 தான். இரண்டு பக்கத்தில் 192 வரிக்கு இடம். ஒரே தாளின் முன்னும் பின்னும் முடிந்துவிட்டது, ஆறு வரி மிச்சத்தில் நிபந்தனைகளும் உட்கார்ந்தன.

செலவு: முதல் தடவை பக்கம் 2 ரூபாய் வீதம் அறுபது பிரதிக்கு 360, நான்கு செட்டுக்கு எட்டுத் தாள் லேமினேஷன் 200. இரண்டாம் தடவை 240, நான்கு தாள் லேமினேஷன் 100. மொத்தம் 900 ரூபாய், அதில் 560 வீண்.

கீழே உள்ள நிபந்தனை வரிகளில் மட்டும் கார்பெல்லின் இயல்பான எண்களையே விட்டுவிட்டேன். "வாங்கிய 7 நாளுக்குள் மாற்றித் தரப்படும்" என்ற வரியில் அந்த 7 அழகாக ஒடுங்கி நிற்கிறது. தொலைபேசி எண்ணை லைனிங், ஆனால் அகலம் மாறும் வகையில் வைத்தேன். டேபுலரில் போட்டபோது நடுவில் வந்த 11க்கு இருபுறமும் இடைவெளி விழுந்து, எண்ணே இரண்டாகப் பிரிந்தது போல இருந்தது.

இப்போது மாமாவின் மகள் இதையே கடையின் இணையப் பக்கத்தில் போடுகிறாள். அங்கே வேலை சுலபம்:

```css
td.vilai {
  text-align: right;
  font-variant-numeric: lining-nums tabular-nums;
}
```

எழுத்துருவில் அந்த எண்கள் இல்லாவிட்டால் இந்த வரி எந்த எச்சரிக்கையும் தராமல் சும்மா இருந்துவிடும் என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன். கார்பெல் எல்லா போனிலும் இருக்காது, வேறு எழுத்துரு வந்து உட்காரும். எனவே அவளும் என் ஐந்து வரிச் சோதனைத் துண்டை ஒரு தனிப் பக்கமாகப் போட்டு, கடையில் இருக்கும் மூன்று போன்களில் திறந்து பார்த்தாள். இரண்டில் கோடு நேராக நின்றது. மூன்றாவதில் 1-களின் வரி உள்ளே ஒடுங்கி நிற்கிறது; அதற்கு எழுத்துருவையே பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும், அந்த வேலை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு.